அத்தையின் 472 ரூபாய்: தவறான கட்டணத்தைத் திருப்பிக் கேட்டு வங்கிக்கு மெயில் எழுதுவது எப்படி

புதுக்கோட்டையில் இருக்கும் என் அத்தைக்கு ஒரு தனியார் வங்கியில் சேமிப்புக் கணக்கு உண்டு. பெரிதாக நடமாட்டம் இல்லாத கணக்கு. போன வருடம் ஜூன் மாதம் பாஸ்புக்கில் பதிவு போட்டுக்கொண்டு வந்தவர், இரண்டு வரிகளை விரலால் காட்டி, "இது என்னப்பா 236, மறுபடியும் 236? நான் எடுக்கவே இல்லையே" என்று கேட்டார். அந்த வரிகளில் `AMB CHRG APR25 INCL GST` என்றும் `AMB CHRG MAY25 INCL GST` என்றும் அச்சாகியிருந்தது.

ஏ.எம்.பி. என்றால் சராசரி மாத இருப்பு. நாம் பேச்சில் மினிமம் பேலன்ஸ் என்று சொல்வதைத்தான் பல வங்கிகள் இப்படிக் கணக்கிடுகின்றன. அது குறைந்ததற்காக இரண்டு மாதம் சேர்த்து 472 ரூபாய் எடுத்திருக்கிறார்கள். சின்னத் தொகைதான். ஆனால் அதைத் திரும்ப வாங்க எழுதிய மெயிலை வைத்துக்கொண்டு, வங்கியிடம் ஒரு கட்டணத்தை எதிர்த்துக் கேட்பது எப்படி என்று முழுதாகவே சொல்லிவிடலாம்.

உட்கார்ந்த உடனே எழுதிவிடத்தான் கை துறுதுறுக்கும். அத்தையும், "நம்ம பணத்த நம்மகிட்ட கேக்காம எடுத்தா அதுக்குப் பேரு என்ன? அதையே எழுது" என்றார். எழுதலாம். ஆனால் அந்த மெயிலைத் திறக்கப்போகும் ஊழியர், அத்தையின் கணக்கைத் திரையில் பார்ப்பார், இருப்பு குறைந்தது உண்மை என்று தெரியும், "விதிப்படி எடுக்கப்பட்டது" என்று தயாராக இருக்கும் பதிலை அனுப்பிவிட்டு அடுத்த மெயிலுக்குப் போவார். கட்டணம் எடுத்தது வருத்தமாக இருக்கிறது என்பது வேறு, எடுத்ததில் இன்ன இடத்தில் தவறு நடந்திருக்கிறது என்பது வேறு. முதலில் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு ஸ்டேட்மென்டை எடுத்துவைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டோம். இந்தச் சராசரி எப்படி வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. மாதக் கடைசியில் கணக்கில் 5,000 இருந்தால் போதும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு நாள் முடிவிலும் கணக்கில் எவ்வளவு இருந்ததோ அதையெல்லாம் கூட்டி, மாதத்தின் நாட்களால் வகுத்தால் வருவதுதான் சராசரி இருப்பு. அத்தையின் கணக்குக்கு வேண்டியது 5,000 ரூபாய்.

ஏப்ரல் 1 முதல் 9 வரை, ஒன்பது நாள், கணக்கில் 6,200 ரூபாய் இருந்தது. 10-ஆம் தேதி ஓடு மாற்ற 4,000 எடுத்தார். அன்றிலிருந்து 24 வரை பதினைந்து நாள் 2,200. 25-ஆம் தேதி 1,000 போட்டார், மாதம் முடியும் வரை ஆறு நாள் 3,200. இருப்பை நாட்களால் பெருக்கினால் 55,800, 33,000, 19,200. கூட்டினால் 1,08,000. முப்பதால் வகுத்தால் 3,600 ரூபாய். ஆக, ஏப்ரலில் 1,400 ரூபாய் குறைவு. வங்கியின் கணக்கு சரி, அத்தை கணக்கில்தான் பணம் குறைந்திருந்தது.

இதைச் சொன்னதும் அத்தை முகம் வாடிவிட்டது. ஆனால் நான் முன்பே எதிர்பார்த்ததுதான். கூட்டல் கழித்தலில் வங்கியின் கணினி தப்புச் செய்வது அபூர்வம். தப்பு பெரும்பாலும் கணக்குக்கு வெளியே இருக்கும். கணக்கின் வகை மாறியிருக்கும், அறிவிப்பு வந்திருக்காது, அல்லது எடுக்கக் கூடாத நாளில் எடுத்திருப்பார்கள். ஆகவே கணக்கைச் சரிபார்த்த பிறகு விதியைப் பார்க்க வேண்டும்.

இந்தக் கட்டணத்துக்கு ரிசர்வ் வங்கி 2014 நவம்பர் 20 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. 2015 ஏப்ரல் 1 முதல் அது நடப்புக்கு வந்தது. அதன் சாரம் இதுதான். இருப்பு குறைந்தால் வங்கி உடனே அபராதம் எடுத்துவிட முடியாது. குறைந்திருக்கிறது, அறிவிப்புத் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் சரிசெய்யாவிட்டால் கட்டணம் பிடிப்போம் என்று எஸ்.எம்.எஸ்., மெயில் அல்லது கடிதம் மூலம் முதலில் தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள்ளும் சரியாகவில்லை என்றால்தான் எடுக்கலாம். எடுப்பதும், எவ்வளவு குறைந்ததோ அதற்கேற்ற அளவில் இருக்க வேண்டும். இந்தக் கட்டணத்தால் மட்டுமே கணக்கு மைனஸில் போய்விடக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. (மினிமம் பேலன்ஸ் அபராதமே இல்லாத வங்கிகளும் உண்டு. பாரத ஸ்டேட் வங்கி 2020-லேயே சேமிப்புக் கணக்குகளுக்கு இதை எடுத்துவிட்டது. அப்படிப்பட்ட வங்கியில் உங்கள் கணக்கில் இந்தப் பெயரில் ஒரு வரி வந்தால் வேலை இன்னும் சுலபம்.)

சரி, அத்தையின் போனைத் திறந்து வங்கியிலிருந்து வந்த எஸ்.எம்.எஸ்.களை எல்லாம் பார்த்தோம். ஏப்ரல், மே மாதங்களில் இருப்பு குறைவு பற்றி எச்சரித்து எதுவும் வரவில்லை. மே 5-ஆம் தேதி 236 ரூபாய் எடுக்கப்பட்டது என்ற எஸ்.எம்.எஸ். மட்டும் இருந்தது. எடுத்த பிறகு எடுத்தோம் என்று சொல்வது அறிவிப்பு ஆகாது. நாம் தேடிய இடம் இதுதான்.

அடுத்தது இன்னும் சுவாரசியம். மே 20-ஆம் தேதி அத்தைக்கு விழுந்த சீட்டுப் பணத்தில் 5,000 ரூபாயை இதே கணக்கில் போட்டிருக்கிறார். ஒரு பேச்சுக்கு, மே 5-ஆம் தேதி வந்த எஸ்.எம்.எஸ்.ஸையே அறிவிப்பு என்று எடுத்துக்கொள்வோம். அப்படிப் பார்த்தாலும் ஜூன் 5 வரை அவருக்கு அவகாசம் உண்டு. அதற்குப் பதினாறு நாள் முன்பே இருப்பு 5,000-ஐத் தாண்டிவிட்டது. வங்கி எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த முதல் 236-க்கு நியாயம் கிடைக்காது.

இரண்டாவது 236-க்கும் மே மாதக் கணக்கைப் போட்டோம். 1 முதல் 4 வரை 3,200. 5-ஆம் தேதி கட்டணம் போனதும் 2,964, அது 19 வரை பதினைந்து நாள். 20 முதல் 31 வரை பன்னிரண்டு நாள் 7,964. கூட்டினால் 1,52,828. முப்பத்தொன்றால் வகுத்தால் 4,929 ரூபாய் 94 காசு. குறைவு வெறும் 70 ரூபாய். அந்த முதல் 236-ஐ வங்கி எடுக்காமல் இருந்திருந்தால்? பத்தொன்பது நாள் 3,200, பன்னிரண்டு நாள் 8,200. கூட்டு 1,59,200, சராசரி 5,135. குறைவே இல்லை! முதல் கட்டணம்தான் இரண்டாவது கட்டணத்தைப் பெற்றுப் போட்டிருக்கிறது. 1,400 குறைந்தபோதும் 236, 70 குறைந்தபோதும் 236 என்பது தனிக் கூத்து.

இந்த அரைமணி நேர வேலை முடிந்த பிறகு மெயில் எழுதுவது லேசாகிவிட்டது. அதற்கு முன் யார் எழுதுவது, யாருக்கு எழுதுவது என்று இரண்டு சின்ன விஷயங்கள்.

என் மெயிலிலிருந்து அத்தைக்காக எழுதினால், "கணக்கில் பதிவு செய்த மெயிலிலிருந்து எழுதுங்கள்" என்றுதான் பதில் வரும், கணக்கு விவரத்தை மூன்றாம் ஆளிடம் அவர்கள் பேசக் கூடாது. நல்லவேளை, கணக்குத் தொடங்கியபோது அத்தைக்கு நான் உண்டாக்கிக் கொடுத்த மெயில் முகவரி வங்கியில் பதிவாகியிருந்தது. அதுவும் இல்லையென்றால் இதே வாசகத்தைக் கடிதமாக எழுதி, கிளையில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளலாம். மதிப்பு ஒன்றுதான்.

வங்கியின் முகவரியை அதன் இணையதளத்தில் போய் எடுக்க வேண்டும், அல்லது பாஸ்புக்கில் பார்க்க வேண்டும். கூகுளில் "கஸ்டமர் கேர்" என்று தேடிக் கிடைக்கும் நம்பர்களில் மோசடிக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். 472 ரூபாயை மீட்கப் போய் மொத்தக் கணக்கையும் பறிகொடுத்துவிடக் கூடாது.

நாங்கள் அனுப்பியது இது. தமிழில் எழுதி, கீழே அதையே ஆங்கிலத்திலும் ஒட்டினோம். புகாரைப் படிக்கும் மையம் எந்த ஊரில் இருக்கும் என்று சொல்ல முடியாது. கணக்கின் கடைசி எண்களை மட்டும் இங்கே மாற்றியிருக்கிறேன்.

> பொருள்: சேமிப்புக் கணக்கு (கடைசி எண்கள் 4471): முன்னறிவிப்பு இல்லாமல் எடுத்த இருப்புக் குறைவுக் கட்டணம் ரூ.472-ஐத் திருப்பித் தர வேண்டி
>
> 16.06.2025
>
> ஐயா / அம்மா,
>
> மேற்கண்ட என் கணக்கிலிருந்து (புதுக்கோட்டை கிளை) சராசரி மாத இருப்பு குறைந்ததாக 05.05.2025 அன்று ரூ.236, 05.06.2025 அன்று ரூ.236, ஆக மொத்தம் ரூ.472 எடுக்கப்பட்டுள்ளது. இரண்டும் தவறாக எடுக்கப்பட்டவை. அந்தத் தொகையை ஜி.எஸ்.டி. உட்பட என் கணக்கில் திருப்பி வரவு வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.
>
> ஏப்ரல் 2025-இல் என் சராசரி இருப்பு ரூ.3,600. தேவையான ரூ.5,000-ஐ விட அது குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.
>
> ஆனால் 05.05.2025-க்கு முன் இருப்புக் குறைவு பற்றி எனக்கு எஸ்.எம்.எஸ்., மெயில், கடிதம் எதுவும் வரவில்லை. அன்று வந்த எஸ்.எம்.எஸ். கட்டணம் எடுக்கப்பட்ட செய்தி மட்டுமே. ரிசர்வ் வங்கியின் 20.11.2014 தேதியிட்ட சுற்றறிக்கைப்படி, முதலில் அறிவிப்பு கொடுத்து, சரிசெய்ய ஒரு மாதம் அவகாசம் தந்த பிறகே கட்டணம் எடுக்க முடியும்.
>
> 20.05.2025 அன்று நான் ரூ.5,000 செலுத்தினேன். அன்றைய இருப்பு ரூ.7,964. 05.05.2025 எஸ்.எம்.எஸ்.ஸை அறிவிப்பாகக் கொண்டாலும் ஒரு மாதத்துக்குள் இருப்பைச் சரிசெய்துவிட்டேன்.
>
> மே 2025-இல் சராசரி ரூ.4,929.94. முதல் கட்டணம் எடுக்கப்படாமல் இருந்திருந்தால் அது ரூ.5,135.48 ஆக இருந்திருக்கும். எனவே இரண்டாவது கட்டணம் முதல் தவறின் விளைவு. மே மாதக் குறைவுக்கும் தனி அறிவிப்பு வரவில்லை.
>
> அறிவிப்பு அனுப்பப்பட்டதாக உங்கள் பதிவில் இருந்தால், அனுப்பிய தேதி, அனுப்பிய எண், வாசகம் மூன்றையும் தெரிவிக்கவும்.
>
> இந்தப் புகாருக்கான எண்ணைத் தந்து, 16.07.2025-க்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டுகிறேன். அதற்குள் தீரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடுவேன்.
>
> இணைப்பு: ஏப்ரல் 1 முதல் ஜூன் 10 வரையிலான ஸ்டேட்மென்ட், 05.05.2025 எஸ்.எம்.எஸ்.ஸின் படம்.
>
> இப்படிக்கு,
> (பெயர், பதிவு செய்த கைபேசி எண்)

இதில் சில இடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பொருள் வரியிலேயே எது, எவ்வளவு, என்ன வேண்டும் மூன்றும் இருக்கின்றன. "புகார்" என்றோ "அவசரம்" என்றோ மட்டும் எழுதினால் அது எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று பிரிப்பவருக்கே புரியாது, சுற்றிச் சுற்றி வரும். முதல் பத்தியை மட்டும் படித்துவிட்டு ஒருவர் எழுந்து போனாலும் தொகையும் தேதியும் கோரிக்கையும் அவர் மண்டையில் ஏறியிருக்க வேண்டும். பல பேர் கோரிக்கையைக் கடைசி வரியில் வைக்கிறார்கள், சிலர் வைப்பதே இல்லை. "தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்று முடித்தால், "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று பதில் வரும், பணம் வராது.

நமக்கு எதிரான உண்மையை நாமே ஒப்புக்கொண்டிருக்கிறோம் பாருங்கள். ஏப்ரலில் இருப்பு குறைந்தது என்று எழுதலாமா என்று அத்தைக்குத் தயக்கம். எழுதாமல் விட்டால் வங்கி அதையே பதிலாக அனுப்பும், ஒரு வாரம் வீணாகும். நாமே சொல்லிவிட்டால் அந்தப் பதிலுக்கு வேலை இல்லை, பேச்சு நேராக அறிவிப்பு வந்ததா இல்லையா என்ற கேள்விக்கு வந்துவிடுகிறது.

எல்லாத் தேதிகளும் அவர்கள் திரையிலும் தெரியும் தேதிகள். "போன மாதம்", "சில நாட்களுக்கு முன்", "பலமுறை போன் செய்தும்" என்பதெல்லாம் சரிபார்க்க முடியாத சொற்கள். போன் செய்திருந்தால் எந்த நாள், எத்தனை மணி, பேசியவர் என்ன சொன்னார் என்று எழுதலாம். இல்லையென்றால் விட்டுவிடலாம்.

"அறிவிப்பு வரவில்லை" என்பதை நாம் நிரூபிக்க முடியாது. வராத ஒன்றுக்கு ஆதாரம் ஏது? அனுப்பியதற்கான பதிவு இருந்தால் அது வங்கியிடம்தான் இருக்கும். அதனால் தேதி, எண், வாசகம் மூன்றையும் கேட்டு அந்தச் சுமையை அவர்கள் பக்கம் வைத்தோம். எண்ணைக் கேட்டதற்கும் காரணம் உண்டு. பழைய நம்பருக்குப் போய்க்கொண்டிருந்தால் அது அப்போதே தெரிந்துவிடும். அப்படி ஒரு பழைய நம்பர் பதிவில் இருந்து, அதை நாம் மாற்றாமல் விட்டிருந்தால், நம் வழக்கு பாதி போனது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கணக்கு எண்ணில் கடைசி நான்கு இலக்கம் போதும், பதிவு செய்த மெயிலிலிருந்து போவதால் மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஓ.டி.பி., பின் நம்பர், கார்டின் பின்னால் இருக்கும் மூன்று இலக்கம் எதையும் எந்த வங்கியும் புகாருக்காகக் கேட்காது.

அத்தைக்கு அதே வங்கியின் ஏ.டி.எம். வாசலில் வழுக்கி விழப்பார்த்த கதை, கிளையில் ஒரு பெண் எரிந்து விழுந்த கதை எல்லாம் இருந்தன. எதையும் சேர்க்கவில்லை. மூன்று குறைகள் இருக்கும் மெயிலில் எது எளிதோ அதற்குப் பதில் சொல்லிப் புகாரை மூடிவிடுவார்கள்.

குறைதீர்ப்பாளரைப் பற்றிய வரி மிரட்டலாகத் தோன்றலாம். அது வழிமுறையைச் சொல்லும் ஒரு வரி மட்டுமே, அதற்கு மேல் கோபம் வேண்டாம். 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி தன் ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அதற்கு முறையிட முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் செய்திருக்க வேண்டும். வங்கி மறுத்தாலோ, அரைகுறையாகத் தீர்த்தாலோ, 30 நாள் பதிலே சொல்லாமல் இருந்தாலோ `cms.rbi.org.in` தளத்தில் கட்டணம் இல்லாமல் முறையிடலாம். சந்தேகம் இருந்தால் 14448 என்ற எண்ணில் கேட்கலாம். ஜூன் 16-இல் எழுதி ஜூலை 16 என்று தேதி குறித்தது இந்த 30 நாளை வைத்துத்தான். நேராக ரிசர்வ் வங்கிக்கு எழுதுபவர்கள் உண்டு. வங்கியிடம் முதலில் கேட்டதற்குச் சான்று இல்லாததால் அது எடுத்த எடுப்பிலேயே திரும்பிவிடும்.

மெயில் போன அன்றே ஒரு தானியங்கிப் பதிலும் புகார் எண்ணும் வந்தன. அந்த எண்ணை எழுதிவைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு அனுப்பியதை எல்லாம் அதே மெயிலுக்குப் பதிலாகவே அனுப்பினோம். புதிதாக ஒரு மெயில் தொடங்கினால் புது எண் விழும், முதல் புகாரின் நாட்கணக்கு குழம்பிவிடும்.

ஜூன் 24-ஆம் தேதி பதில் வந்தது. நீங்கள் எங்களின் மதிப்புமிக்க வாடிக்கையாளர், நல்லெண்ண அடிப்படையில் ஒரு முறை மட்டும் மே மாதக் கட்டணத்தைத் திருப்பித் தருகிறோம், ஏப்ரல் மாதக் கட்டணம் விதிப்படி எடுக்கப்பட்டது என்று. அறிவிப்பு பற்றிய கேள்விக்குப் பதிலே இல்லை. இப்படி ஒரு பாதிப் பதில் வருவது மிகச் சகஜம். பலரும் வந்தவரை லாபம் என்று இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அத்தையும் "போதும்ப்பா, விடு" என்றார்.

நான் விடவில்லை. மறுபடியும் முழுக்கதையையும் எழுதவும் இல்லை. நான்கே வரி எழுதினோம். மே மாதக் கட்டணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டதற்கு நன்றி. ஏப்ரல் கட்டணத்துக்கு முன் அறிவிப்பு அனுப்பிய தேதி, எண், வாசகம் கேட்டிருந்தேன், பதிலில் அது இல்லை. அந்தப் பதிவைத் தரவும், அல்லது ரூ.236-ஐத் திருப்பித் தரவும். இதை உங்கள் நோடல் அதிகாரியின் பார்வைக்கு அனுப்பவும். அவ்வளவுதான். நோடல் அதிகாரி என்பவர் வங்கிக்குள் புகார்களைக் கவனிக்கும் அடுத்த படி. பெயரும் மெயிலும் வங்கியின் தளத்திலேயே இருக்கும், அவருக்கும் நகல் போட்டோம்.

ஜூலை 4-ஆம் தேதி கணக்கில் 200 ரூபாய் இரண்டு முறை வரவானது. அத்தை சந்தோஷப்பட்டார். ஆனால் 472-க்கு 400 தான் வந்திருக்கிறது. 236 என்பது 200 ரூபாய் கட்டணமும் அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 36 ரூபாயும் சேர்ந்தது. கட்டணத்தை மட்டும் திருப்பிவிட்டு வரியை விட்டுவிட்டார்கள். கட்டணமே தவறு என்றால் அதன் மேல் போட்ட வரியும் தவறு. "ஜி.எஸ்.டி. உட்பட" என்று முதல் மெயிலிலேயே எழுதியிருந்ததால், அந்தச் சொற்களை மேற்கோள் காட்டி 72 ரூபாயைக் கேட்க ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. அது 9-ஆம் தேதி வந்தது.

இந்த மெயிலின் அமைப்பு மற்ற தவறான கட்டணங்களுக்கும் பொருந்தும், நாள் கணக்கும் விதியும்தான் மாறும். உதாரணமாக ஏ.டி.எம்.மில் பணம் வராமலேயே கணக்கில் கழிந்தால், 2019-ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி ஐந்து நாளுக்குள் வங்கி தானே திருப்பி வரவு வைக்க வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. அப்போது மெயிலில் ஏ.டி.எம். இருந்த இடம், நேரம், தொகை, எத்தனை நாள் தாமதம், இழப்பீடு எவ்வளவு என்பவை வர வேண்டும். ஆனால் நீங்கள் செய்யாத பரிவர்த்தனையில், அதாவது மோசடியில் பணம் போயிருந்தால் மெயில் எழுத உட்காரக் கூடாது. முதலில் வங்கிக்குப் போன் செய்து கார்டையோ கணக்கையோ முடக்க வேண்டும், சைபர் மோசடிகளுக்கான 1930 என்ற உதவி எண்ணுக்குச் சொல்ல வேண்டும். அங்கே எவ்வளவு சீக்கிரம் வங்கிக்குத் தெரிவித்தோம் என்பதைப் பொறுத்தும் நம் பொறுப்பு எவ்வளவு என்று முடிவாகும். மெயில் அதற்குப் பிறகு, எழுத்துச் சான்றுக்காக.

அத்தை கதைக்குத் திரும்பினால், இன்னொரு விஷயம் பாக்கி இருந்தது. நாங்கள் ஜெயித்தது அறிவிப்பு வராததால்தான். வங்கி ஒழுங்காக அறிவிப்பு அனுப்பி, ஒரு மாதம் பொறுத்து எடுத்திருந்தால் எந்த மெயிலும் உதவியிருக்காது, கெஞ்சிப் பார்த்திருக்கலாம், அவ்வளவே. ஓடு மாற்றவோ மருந்து வாங்கவோ மறுபடியும் பணம் எடுக்கத்தானே போகிறார்? அதனால் மினிமம் பேலன்ஸ் தேவையில்லாத அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றித் தரச் சொல்லி ஜூலை மாதம் கிளையில் எழுதிக் கொடுத்தோம். அதில் மாதத்துக்கு நான்கு முறை கட்டணமில்லாமல் பணம் எடுக்கலாம், அத்தைக்கு இரண்டே அதிகம். எழுதிக் கொடுத்ததன் நகலில் அத்தையே கேட்டு முத்திரை வாங்கிக்கொண்டார்.